ஜெராக்ஸ் எடுத்தாலும் படிக்க முடிகிற வரைபடம்

வேலூர் மாவட்டத்தில் நிலத்தடி நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு வரைபடம் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பிரிவுகள்: 2 மீட்டருக்குள், 2 முதல் 5, 5 முதல் 10, 10 முதல் 20, அதற்கும் கீழே. பச்சை என்றால் பயமில்லை, நடுவில் மஞ்சள், சிவப்பு என்றால் ஆபத்து என்று நிறம் கொடுக்கத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இந்த வேலைக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை.

காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறம் அறிய மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவற்றில் இரண்டு, சிவப்பு, பச்சைப் பக்கத்து ஒளியைப் பிடிப்பவை. அந்த இரண்டின் சமிக்ஞைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. ஒரு வகை இல்லாவிட்டாலோ மாறியிருந்தாலோ அந்த வித்தியாசம் மங்கிப்போகும். இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம்தான் இது அதிகம். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மஞ்சள், நீல வேறுபாடு தெரியும். வெளிர், அடர் வேறுபாடும் தெரியும்.

கருப்பு வெள்ளை அச்சில் இன்னும் கஷ்டம். அங்கே மிஞ்சுவது வெளிர், அடர் வேறுபாடு மட்டும்தான். அது எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. கண் பச்சையைப் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்வதால், வெளிச்ச அளவான Y-ஐக் கணக்கிடும்போது மூன்றுக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

வரைபடத்துக்கான நிறத் தொகுப்புகளை சிந்தியா புரூவர் என்ற புவியியலாளர் கலர்புரூவர் என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை வரிசையை இந்தக் கணக்கில் போடுவோம்:

```
#d7191c   82
#fdae61  189
#ffffbf  248
#a6d96a  189
#1a9641  103
```

இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஆரஞ்சும் வெளிர்பச்சையும், இரண்டுமே 189. குடியாத்தம் 10 முதல் 20 மீட்டர், பக்கத்து கே.வி.குப்பம் 2 முதல் 5 மீட்டர் என்று இருந்தால், ஜெராக்ஸில் இரண்டு தாலுகாவும் ஒரே சாம்பல். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவருக்கும் இதே ஜோடிதான் குழப்பும், ஏனென்றால் இரண்டுமே அவருக்கு ஏறக்குறைய ஒரே வெளிச்சமுள்ள மஞ்சளாகத் தெரியும்.

ஆக, வரிசையை வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். நிறம் அதற்குத் துணை. ஆழம் கூடக்கூட நிறம் அடர்ந்துகொண்டே போனால் சரி. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் நீலம் வரை போகும் தொகுப்பு இதற்குப் பொருந்தும் என்று தோன்றும். இங்கே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடர் நீலத்தைப் பார்க்கிறவர் நிறையத் தண்ணீர் என்றுதான் படிப்பார். நம் வரைபடத்தில் அது கிணறு வற்றிய இடம். மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும் `YlOrBr` தொகுப்பு பொருளோடும் ஒத்துப்போகிறது:

```
#ffffd4  250
#fed98e  220
#fe9929  170
#d95f0e  122
#993404   77
```

ஒவ்வொரு படியும் இறங்கிக்கொண்டே போகிறது. பலவீனம் மேலே இருக்கிறது: 250க்கும் 220க்கும் 30தான் இடைவெளி, மங்கலான ஜெராக்ஸில் இரண்டும் வெறும் தாளாகிவிடலாம். அதனால் தாலுகா எல்லைகளைக் கோடாகப் போட வேண்டும். அப்புறம், கண் சாம்பலைத் தனியாக அளப்பதில்லை. 170 சாம்பல் இருண்ட சாம்பல்களுக்கு நடுவே இருந்தால் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும், குறிப்புப் பெட்டியில் உள்ள சாம்பலோடு பொருத்திப் பார்க்கும்போது வாசகர் ஒரு படி தவறுவார். ஐந்து பிரிவுக்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு தாலுகாவிலும் பெயருக்குக் கீழே 10–20 என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகமே வராது. கடைசி இரண்டு அடர் நிறங்களில் எழுத்தை வெள்ளையாக்க வேண்டும்.

QGIS என்ற வரைபட மென்பொருளில் வரைந்தால் `View > Preview Mode` வழியாகச் சாம்பல் தோற்றத்தையும் நிறக்குறைபாட்டுத் தோற்றங்களையும் திரையிலேயே பார்க்கலாம். ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி எடுத்து, அதையே மறுபடி ஜெராக்ஸ் போட்டுப் பாருங்கள். திரையில் தனித்து நின்ற 250, 220 ஜோடி அங்கேதான் கலந்துபோகும்.

இந்த வழி செல்லாத இடமும் உண்டு. கடந்த ஆண்டைவிட நீர்மட்டம் ஏறியதா, இறங்கியதா என்று காட்டும் வரைபடத்தில் நடுவில் வெளிர், இரு முனையிலும் அடர் நிறம் தேவைப்படும். பழுப்பும் நீலப்பச்சையும் போட்டால் நிறக்குறைபாடு உள்ளவருக்குப் பிரிந்து தெரியும். கருப்பு வெள்ளையிலோ இரு முனையும் ஒன்றுதான். எந்த நிறத்தை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் சாம்பலுக்கு ஒரே ஒரு திசைதான். இறங்கிய தாலுகாக்களின் மேல் சாய்கோடுகள் போட்டால்தான் அதை ஜெராக்ஸில் படிக்க முடியும்.