தீர்ப்பு தெரிந்த பிறகும் ஏன் படபடக்கிறது?

சட்டம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். தீர்ப்பு மனப்பாடம். அப்படியும் ஜூரிகள் உள்ளே வரும் இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது எப்படி?"

உளவியலில் இதற்கு ஒரு பாதி பதில் இருக்கிறது. ரிச்சர்ட் கெர்ரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-இல் ஒரு சோதனை செய்தார். ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதி ஆனது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் ஆகாமலே போய்விடுவாரோ என்று தோன்றும்படி எழுதிய சிறு கதையைப் படித்தவர்கள், அந்தத் தெரிந்த உண்மையை 'சரி' என்று சொல்லவே கொஞ்சம் தடுமாறினார்கள். கதைக்குள் இருக்கும்போது மனசு தனக்குத் தெரிந்ததை முழுசாகக் கையில் எடுப்பதில்லை.

மீதிப் பாதி, வழக்கு விசாரணை என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நாவல் வெளிவந்தது 1960-இல். கதை நடப்பது 1930-களின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர், மேயெல்லா யூவெல் என்ற 19 வயது வெள்ளைக்காரப் பெண்ணை அடித்துப் பலாத்காரம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ் ஃபின்ச். கதை சொல்வது அவருடைய சின்ன மகள் ஸ்கவுட். கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய மாடத்தில் அண்ணன் ஜெம்மோடு உட்கார்ந்து அவள் பார்க்கிறாள்.

விசாரணை எந்த வரிசையில் போகும் என்பது சினிமா பார்த்தவர்களுக்கே தெரியும். அரசுத் தரப்பு சாட்சிகள் முதலில். ஒவ்வொருவரிடமும் முதல் விசாரணை, பிறகு எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. எல்லாம் முடிந்த பிறகுதான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் தரப்பைச் சொல்வார். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். 'இதை ஏன் கேட்கிறேன் தெரியுமா' என்று ஜூரிகளிடம் விளக்கம் சொல்ல முடியாது. விளக்கமெல்லாம் கடைசி வாதத்தில்தான். அதனால் ஒரு கேள்விக்கும் அதன் காரணத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுகிறது. நாவலாசிரியர் குடியேறுவது அந்த இடைவெளியில்தான்.

முதல் சாட்சி ஷெரீஃப் ஹெக் டேட். மேயெல்லாவின் எந்தக் கண் வீங்கியிருந்தது என்று அட்டிகஸ் கேட்கிறார். இடது கண் என்கிறார் ஷெரீஃப். உங்களைப் பார்த்து நின்றபோது இடதா, அவளுக்கே இடதா? ஷெரீஃப் யோசித்து, அப்படியானால் அவளுக்கு வலது என்று திருத்துகிறார். அடுத்து கழுத்து. விரல் தடங்கள் கழுத்தைச் சுற்றி முழுக்க இருந்தனவாம். சின்னக் கழுத்து, யாரும் பிடித்துவிடலாம் என்று ஷெரீஃப் இழுக்கும்போதே, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என நிறுத்திவிட்டு அட்டிகஸ் உட்கார்ந்துவிடுகிறார். இந்த இடத்தில் நமக்கு எதுவும் பிடிபடாது.

அடுத்து அப்பா பாப் யூவெல். உமக்கு எழுதத் தெரியுமா என்று அட்டிகஸ் கேட்டு, ஓர் உறையின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவர் எழுதுவது இடது கையால். நேருக்கு நேர் நிற்பவரை இடது கையால் அடித்தால் அடி அவருடைய வலது முகத்தில் விழும். சிக்கிக்கொண்டான் என்று ஜெம் துள்ளுகிறான். ஆனால் ஸ்கவுட்டுக்கு நியாயமான ஒரு சந்தேகம் வருகிறது: டாமும் இடது கைக்காரராக இருந்தால்?

அந்தச் சந்தேகம் மேயெல்லாவின் சாட்சியம் வரை தொங்குகிறது. அவள் டாமை அடையாளம் காட்டியதும், எழுந்து நில்லுங்கள் என்கிறார் அட்டிகஸ். டாம் எழுகிறார். அவருடைய இடது கை வலதைவிட முழுசாக 12 அங்குலம் குட்டை, உயிரில்லாமல் தொங்குகிறது. சிறுவயதில் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த கை. சுற்றி முழுக்க விரல் தடம் என்ற ஷெரீஃபின் பேச்சும் அப்போதுதான் நமக்குள் விழுகிறது. ஒற்றைக் கையால் அது எப்படி?

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். டாமின் கையை முதல் பக்கத்திலேயே காட்டியிருந்தால், ஷெரீஃப் 'வலது கண்' என்றதுமே வழக்கு முடிந்திருக்கும். உறையில் போட்ட கையெழுத்து வெறும் சடங்காகியிருக்கும். அதே நான்கு தகவல்கள்தான். அவற்றை ஜூரிகளுக்குக் கிடைக்கும் வரிசையிலேயே தருவதால், கூட்டிக் கணக்குப் போடும் வேலை நம்முடையதாகிறது.

ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். வலது புறங்கையால் ஓங்கி அறைந்தாலும் வலது கன்னத்தில் காயம் வரலாம். ஆகவே அடித்தது அப்பாதான் என்று இது நிரூபிப்பதில்லை. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான். நியாயமான சந்தேகம் எழுந்தாலே எதிரியை விடுவிக்க வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு. டாக்டரைக் கூப்பிட்டீர்களா என்று அட்டிகஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கூப்பிடவே இல்லை. மருத்துவச் சான்று இல்லாத வழக்கில் மிஞ்சுவது முகங்கள்தான். 'திருட்டு முழி' என்ற சொல்லை நாம் எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறோம்! பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டால் 50. ஜாதகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கும் முழியைப் பார்த்துச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். விசாரணைக் காட்சியில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. என்ன நடந்தது? இவர்கள் என்ன முடிவு செய்வார்கள்? துப்பறியும் கதையில் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கதை முடிந்துவிடும். இங்கே டாம் எழுந்து நின்றதுமே முதல் கேள்வி அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் படபடப்பு முழுக்க இரண்டாவது கேள்வியுடையது. உண்மை நமக்குத் தெரிய வரவர அது கூடுகிறது.

காரணம், பதில் சொல்பவர்கள் 12 பேர். எல்லோரும் வெள்ளைக்கார ஆண்கள். அன்றைய அலபாமாவில் ஜூரியாகப் பெண்களுக்கு அனுமதி இல்லை. கறுப்பினத்தவரை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது சட்ட விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலபாமாவிலிருந்தே வந்த ஒரு வழக்கில் 1935-இல் சொன்னது. ஆனாலும் மேகோம்பின் ஜூரிப் பெட்டியில் எதுவும் மாறவில்லை. குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் கில்மர் கேட்கும்போது டாம் ஒரு வார்த்தை விடுகிறார்: மேயெல்லாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று. ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! கண், கை, கழுத்து என்று சேர்த்த அத்தனை சாட்சியத்தையும் அந்த ஒரு சொல் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

ஜூரிகள் திரும்பி வர இரவு பதினொன்றைத் தாண்டுகிறது. குற்றவாளி என்று முடிவு செய்த ஜூரிகள் எதிரியின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது ஸ்கவுட்டின் நம்பிக்கை. ஒருவரும் டாமைப் பார்க்கவில்லை. நீதிபதி ஒவ்வொரு ஜூரியின் முடிவாக வாசிக்கிறார். ஒவ்வொரு 'குற்றவாளி'க்கும் ஜெம்மின் தோள் துடிக்கிறது.

அந்தப் 12 பேரில் ஒருவர், டாமை விடுவித்தே ஆக வேண்டும் என்று தொடக்கத்தில் அடம்பிடித்தவர். அவ்வளவு நேரம் ஆனது அதனால்தான். அட்டிகஸ் பிறகு சொல்லித்தான் ஜெம்முக்கு இது தெரிகிறது. மூன்றாம் முறை படிக்கிறவருக்கோ முன்பே தெரியும். அதனால்தான் கதவு திறந்து அவர்கள் வரிசையாக வரும்போது, இவர்களில் அவர் யார் என்று நாம் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறோம்.