மடங்கிய கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள்

பக்கவாதத்திற்குப் பின் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த ஒருவரின் வலது முழங்கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. "தினமும் காலையில் நானே இழுத்து நீட்டிவிடுகிறேன், சாயங்காலத்துக்குள் திரும்ப இறுகிவிடுகிறது" என்றார் அவருடைய மகன். இழுத்துக் காட்டச் சொன்னேன், வெடுக்கென்று இழுத்தார். பிழை அந்த வேகத்தில்தான் இருந்தது.

மேசைப் பலகையின் அடியில் உள்ளங்கையை வைத்து மெல்ல மேலே தள்ளியபடி, மறுகையால் மேற்கையைத் தொட்டுப் பாருங்கள். முன்புறத்து பைசெப்ஸ் கல்லாக இருக்கும், பின்புறத்து ட்ரைசெப்ஸ் துவண்டிருக்கும். மேசைமேல் கையை வைத்து அழுத்தினால் இது மாறிவிடும். (மெல்ல என்பது முக்கியம், முழு பலத்தோடு அழுத்தினால் இரண்டுமே இறுகக்கூடும்.)

தசைக்குத் தளரச் சொல்லும் கட்டளை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சுருங்கச் சொல்லும் கட்டளை நிற்பதே தளர்வு. பைசெப்ஸைச் சுருக்கும் அதே செய்தி, தண்டுவடத்திலுள்ள ஒரு சிறிய இடைநரம்பணுவுக்கும் கிளை பிரிந்து போகிறது. அது ட்ரைசெப்ஸை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கிறது. 1932இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட உடலியல் அறிஞர் ஷெரிங்டன் விரிவாக ஆராய்ந்த இந்தப் பரஸ்பரத் தடை, மின்விளக்கின் சுவிட்சைப் போல முழுதாகப் போட்டு முழுதாக அணைப்பதன்று. மூளை அதைக் கூட்டியும் குறைத்தும் வைப்பதால்தான், தண்ணீர் டம்ளரை எட்டும் கை தடையின்றி நீள்கிறது. டம்ளரை நெருங்கும்போது எதிர்த்தசை சற்றே இறுகிப் பிரேக் போடுகிறது.

பக்கவாதத்தில் மூளையின் அந்தக் கட்டுப்பாடு நலிகிறது. பைசெப்ஸை வெடுக்கென்று இழுத்தால் அதனுள் இருக்கும் உணர்விகள் வேகத்தை உணர்ந்து அதையே சுருங்கவைக்கின்றன. அதே உணர்விகளின் செய்தி இடைநரம்பணு வழியாக, ஏற்கெனவே பலவீனமான ட்ரைசெப்ஸையும் அடக்கக்கூடும். கையை நீட்ட உதவுவதாக நினைத்து, நீட்டும் தசையையே வாயடைக்கிறோம்.

அவருடைய கையை மேசைமேல் மடித்த துண்டின்மீது தாங்கலாக வைத்து, அவரையே மெல்ல முன்னே நகர்த்தச் சொன்னோம். முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்திருக்கும்படி மகனிடம் சொன்னேன்: அங்கே தசைநாண் கயிறுபோல் புடைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, தளரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஓரிரு சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. பல மாதங்கள் மடங்கியே கிடந்து தசையும் மூட்டும் குறுகிவிட்ட கைகளுக்கு இந்த முறை மட்டும் போதாது. தாங்குபட்டையோ ஊசியோ தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இவருக்கு அந்த நிலை வந்திருக்கவில்லை. ஆறாவது வாரம் மேசையின் நடுவில் வைத்த டம்ளரை விரல்நுனி தொட்டது. அவசரப்பட்டு எட்டிய நாட்களில் மட்டும் கை பழையபடி மார்புக்கே திரும்பியது.