கர்ப்பிணி அட்டையில் இரத்த அழுத்தக் கட்டத்தைப் பாருங்கள்

கிராம சுகாதார செவிலியர் தரும் தாய் சேய் நல அட்டையைப் பல வீடுகளில் மகப்பேறு உதவித்தொகை வாங்குவதற்கான காகிதமாக மட்டுமே பத்திரப்படுத்துகிறார்கள். அதில் உயிர் காக்கும் இடம், ஒவ்வொரு பரிசோதனையின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும் எழுதும் கட்டங்கள். அவை காலியாக இருந்தால் உங்களைப் பரிசோதிக்கவில்லை, அல்லது பரிசோதித்தும் எழுதவில்லை என்று பொருள். எழுதாமல் அட்டையைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள், "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதுதான். ஐந்தாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்கு 110/70 என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதம் அம்மா வீட்டில் இருக்கிறாள். அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில், "நீ எங்கள் பகுதி இல்லையே, பதிவு செய்த இடத்துக்குப் போ" என்கிறார்கள். பரிசோதனை தள்ளிப்போகிறது. காலையில் முகம் வீங்குகிறது, மோதிரம் கழற்ற முடியவில்லை. "கர்ப்பம் என்றால் வீங்கத்தான் செய்யும்" என்கிறார்கள் வீட்டில். மாலையில் வீங்கிப் படுத்தால் வற்றும் கால் வீக்கம் வேறு. காலையிலேயே முகத்திலும் கையிலும் தெரியும் வீக்கம் வேறு. அடுத்து விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. இப்போது அளந்தால் 150/100 இருக்கும், சிறுநீரில் புரதம் இருக்கும். இதற்கடுத்த கட்டம் வலிப்பு.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் அன்றே பார்த்தாக வேண்டும். தலைவலி மாத்திரை போட்டுத் தூங்கிவிடக் கூடாது.

பதிவு வேறு ஊரில் என்பது பரிசோதிக்க மறுக்கக் காரணமே இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். அட்டையைக் காட்டி, பரிசோதித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே காத்துக் கிடக்காமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நேரே போங்கள். ஊர் மாறுவதற்கு முன்பே இரண்டு ஊர்ச் செவிலியர்களின் தொலைபேசி எண்களையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டுப் பீரோவில் அட்டையை விட்டு வராதீர்கள்.

சொட்டு இரத்தமானாலும், வலி வராமல் பனிக்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்தால் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் பிரசவமும் சிசேரியனும் மருந்தும் இலவசம்; பெரிய மருத்துவமனைக்கு மாற்றினால் அந்த வண்டியும் இலவசம். தனியே பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். அவசரத்தில் அட்டை கையில் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள், வீட்டில் இருப்பவர் பின்னால் எடுத்து வரட்டும்.