தவணை ஒத்திவைப்புக் கடிதம்: மேனேஜர் மேலே அனுப்புகிற மாதிரி எழுதுங்கள்

முதலில் ஒரு விஷயம். கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிடைத்த தவணைச் சலுகை அப்போதே முடிந்துவிட்டது. "கேட்டால் மூணு மாசம் தருவாங்களாம்" என்று இன்னமும் சொல்கிறார்கள். அப்படி ஒரு உரிமை இப்போது கிடையாது. தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. அதனால்தான் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அண்மையில் கொரட்டூரில் ஒரு அக்கா தன் வீட்டுக்கடன் கடிதத்தைக் காட்டினார். "ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தவணை கட்ட இயலாத நிலையில் உள்ளேன். சில மாதங்கள் அவகாசம் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். கிளையில் வாங்கி வைத்துக்கொண்டு "பார்க்கலாம்மா" என்றிருக்கிறார்கள். இந்தப் "பார்க்கலாம்"ஐ நம்பித் தவணையை விட்டு, அப்புறம் வீட்டு வாசலில் வசூல்காரர் நிற்பதைப் பார்த்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதம் ஏன் நகரவில்லை? பெரும்பாலும் கிளை மேலாளர் தானே முடிவெடுக்க முடியாது. அவர் ஒரு குறிப்பு எழுதி மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, வருமானம் எவ்வளவு குறைந்தது, எப்போது சரியாகும், அதுவரை எவ்வளவு கட்டுவார், அப்புறம் எப்படிக் கட்டுவார் என்பதெல்லாம் அதில் வேண்டும். உங்கள் கடிதத்தில் இது இல்லையென்றால் அவர் எதை எழுதுவார்? கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

அக்காவின் கதையை விசாரித்தால் எல்லாமே இருந்தது. கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. ஆபரேட்டர், சம்பளம் 26,000. ஜூன் தொடக்கத்தில் பைக் விபத்து, வலது கால் எலும்பு முறிவு. இருந்த லீவெல்லாம் தீர்ந்து சம்பளம் நின்றுவிட்டது. அக்டோபர் முதல் வாரம் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் 16,000. சாப்பாடு, கேஸ், கரண்ட், மருந்து எல்லாம் சேர்த்து 10,000 போகிறது. பிள்ளை மாநகராட்சிப் பள்ளி. மீதம் 6,000. கடன் பாக்கி 8 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 120 தவணை, மாதம் 10,134 ரூபாய்.

இப்போது திருத்தி எழுதிய பகுதி: "விபத்தால் என் கணவருக்கு ஜூன் முதல் சம்பளம் இல்லை. அக்டோபரில் பணிக்குத் திரும்புவார். முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில் வரும். எனவே ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்களுக்கு வட்டித் தொகையான 6,000 ரூபாயை மட்டும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கட்டுகிறேன். நவம்பர் 5 முதல் முழுத் தவணை 10,134 கட்டுகிறேன். கடன் காலத்தை நான்கு மாதம் நீட்டித்துத் தர வேண்டுகிறேன். இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை."

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். வேலைக்குத் திரும்பும் தேதி வேறு, சம்பளம் கையில் வரும் தேதி வேறு. அவசரத்தில் மூன்று மாதம் போதும் என்று எழுதினால் அக்டோபர் தவணை தவறும். சொன்ன சொல் தவறியவர் என்று கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, அந்த 6,000. எட்டு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி அதுதான். அதைக் கட்டினால் பாக்கி ஏறாது; கடன் நான்கு மாதம் தள்ளி முடியும், கூடுதல் செலவு 24,000. நான்கு மாதமும் ஒன்றுமே கட்டாமல் விட்டால் வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி சுமார் 8,24,270 ஆகும். அதே தவணையில் 120க்குப் பதில் 126 கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட நான்கு மாதத்தையும் சேர்த்தால் கடன் பத்து மாதம் தள்ளி முடியும், கூடுதல் செலவு ஏறக்குறைய 61,000. "ஒண்ணுமே கட்ட முடியாது" என்று எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வங்கிக்கும் வட்டி வந்துகொண்டிருக்கிற கோரிக்கையை மேலே அனுப்புவது சுலபம்.

இணைப்பாக டிஸ்சார்ஜ் சம்மரி, வேலைக்குத் திரும்பும் தேதி உள்ள மருத்துவச் சான்று, சம்பளம் நின்றதைச் சொல்லும் கம்பெனிக் கடிதம், இருவருடைய ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் போதும். கம்பெனிக் கடிதத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கோப்பு திரும்பி வருவதும் பெரும்பாலும் அதனால்தான். கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரும் ஜாமீன்தாரரும் இந்தக் கடிதத்திலும் கையெழுத்திடட்டும். இல்லாவிட்டால் பிறகு அதற்காக ஒரு முறை அலைய விடுவார்கள்.

கிளையில் சொல்லாத ஒன்று உண்டு. பணக்கஷ்டத்தால் தவணையை மாற்றினால் ரிசர்வ் வங்கி விதியில் அது மறுசீரமைப்பு. ஒழுங்காகக் கட்டிய கணக்கைக்கூடப் பெரும்பாலும் வாராக்கடன் வகையில் காட்ட வேண்டி வரும். மேலாளர் தயங்குவது இதனால்தான். உங்கள் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். ஆகவே ஒரு மாதக் கஷ்டம்தான் என்றால் இந்த வழிக்கே போகாதீர்கள். அபராதத்தோடு தாமதமாகக் கட்டிவிடுவது மேல். மூன்று நான்கு மாதம் வருமானமே இல்லை என்றால் மட்டும் கேளுங்கள். கையெழுத்திடும் முன், "சிபிலில் இதை எப்படிக் காட்டுவீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

தாமதமும் பெரிய ஆபத்து. பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அப்புறம் ஒரு தவணையைக் கட்டி மீள முடியாது, நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு நல்ல நிலைக்குத் திரும்பும். முதல் தவணை தவறும் முன்பே கடிதம் உள்ளே போய்விட வேண்டும்.

கடிதம் கொடுத்துவிட்டதாலேயே தவணை நிற்காது. எழுத்தில் அனுமதி வரும்வரை ஆட்டோ டெபிட் தன் பாட்டுக்கு ஓடும். பணம் இல்லாமல் திரும்பினால் கட்டணம் விழும், காசோலை திரும்பினால் வருவதைப் போன்ற வழக்குக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. கூடவே "டாப்-அப் லோன் போட்டுத் தர்றோம், அதிலேயே தவணை கட்டிடுங்க" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். இருக்கிற கடனைக் கட்ட இன்னொரு கடன் அது.

கடிதத்தின் நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்குங்கள். "சீல் போடும் ஆள் இன்னைக்கு இல்லை" என்றால் விவாதிக்காமல் பக்கத்துத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் அனுப்பி ரசீதை வையுங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அந்தப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒத்திவைப்பு கொடு என்று அவர் உத்தரவிடமாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. ஆனால் பதிலே தராமல் இழுத்தடித்தது சேவைக் குறைபாடு, புகாரில் ஒத்திவைப்பைக் கேட்காமல் அதை எழுதுங்கள். இதற்கிடையில் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7க்கு மேலோ போன் செய்தால் நேரத்தைக் குறித்து, அதையும் அதே புகாரில் சேருங்கள்.