ரெண்டு வாங்கினால் எது இலவசம்?

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா கையில் அரை கிலோ கடலை மாவு ரெண்டு பாக்கெட் இருந்தது. பில் 120 ரூபாய் என்றதும் முகம் மாறிவிட்டது. "ஒண்ணு இலவசம்னு போட்டிருக்கீங்களே தம்பி?" "மூணாவது பாக்கெட் எடுத்துட்டு வாங்கக்கா, அதுதான் ஃப்ரீ." அவர் மறுபடி உள்ளே போக, வரிசை மொத்தமும் காத்து நின்றது.

அந்த அக்கா படித்ததில் தவறே இல்லை. "2 வாங்கினால் 1 இலவசம்" என்ற வாசகத்தில் அந்த ஒன்று, வாங்கிய ரெண்டில் ஒன்றா, அதற்கு மேல் ஒன்றா என்பது எங்கும் இல்லை. ஆங்கில வாசகத்தில் வாங்குவதற்கு ஒரு வினை, பெறுவதற்கு ஒரு வினை என்று தனித்தனியாக இருக்கும். தமிழில் சுருக்கும்போது இரண்டாவது வினை விழுந்துவிட்டது. "2 வாங்கினால் மூன்றாவது இலவசம்" என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும், மூன்று எடுக்க வேண்டும் என்பது அலமாரி முன்பே தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் கணக்கில். பாக்கெட் 60 ரூபாய் என்றால், 120 கொடுத்து மூன்று வாங்குகிறோம், ஒன்று 40 ரூபாய். தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம். ஆனால் ரெண்டுக்கு ஒன்று என்றதும் மனம் பாதி என்று எடுத்துக்கொள்கிறது. சரக்கு பாதி அளவு கூடுவதும் விலை பாதியாகக் குறைவதும் ஒன்றல்ல. 50 சதவீதம் கூடுதல் சரக்கு, 33 சதவீத விலைக் குறைப்புக்குத்தான் சமம்.

கணக்கைத் தாண்டி, இலவசம் என்ற சொல்லுக்கே ஒரு இழுப்பு உண்டு. ஷாம்பனியர், மசார், ஏரியலி ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு உயர்ரக சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும், சாதாரண சாக்லேட்டை 1 சென்ட்டுக்கும் விற்றார்கள். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ரகத்தையே எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14 என்றும் இலவசம் என்றும் வைத்தபோது, 69 சதவீதம் பேர் இலவசத்தின் பக்கம் போய்விட்டார்கள். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான்.

அதே சலுகையை "3 பாக்கெட் ரூ.120" என்று எழுதினால், எத்தனை எடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பலகையிலேயே பதில் இருக்கிறது. புரிவதற்கு இதுதான் தெளிவு என்பேன். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: வழக்கமான விலை தெரியாவிட்டால் இது சலுகையா என்பதே தெரியாது. "3 பாக்கெட் ரூ.120, ஒன்று மட்டும் ரூ.60" என்று எழுதினால் அந்த ஓட்டையும் அடைபடும். வீட்டுக்கு ஒரு கிலோ போதும் என்பவர், மூன்றாவது பாக்கெட் தையில் வண்டு வைக்குமா என்று யோசிக்கவும் அந்த வரியே இடம் கொடுக்கும்.

பல சாமான் சேர்ந்த பலகாரப் பேக் என்றால் கதை வேறு. அங்கே மொத்த விலை தவிர வழியில்லை. எது இலவசம் என்று சொல்வது? குழப்பம் "மிச்சம்" என்ற சொல்லில் ஒளிந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலை மாவு ஒரு கிலோ 120, சர்க்கரை 50, மைதா 60, எண்ணெய் ஒரு லிட்டர் 160, நெய் 200 மில்லி 160. எல்லாம் எம்.ஆர்.பி., கூட்டினால் 550. பேக் விலை 499, "ரூ.51 மிச்சம்" என்று பலகை சொல்கிறது. ஆனால் அதே கடை சாதாரண நாளில் இவற்றை 105, 46, 52, 145, 150 என்று எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் விற்கிறது என்றால் கூட்டுத்தொகை 498. பேக்கில் ஒரு ரூபாய் கூடுதலாகத்தான் போகிறது! பலகை பொய் சொல்லவில்லை. யாரும் கொடுக்காத விலையிலிருந்து கழித்துக் காட்டியிருக்கிறது.

பாக்கெட்டின் மேலேயே ஒரு துணை இருக்கிறது. இந்தியாவில் பொட்டலப் பொருள்களில் எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு, கூடினால் கிலோவுக்கு. நம் கடலை மாவில் கிராம் 0.12 ரூபாய் என்று இருக்கும். அது எம்.ஆர்.பி.யிலிருந்து வந்த எண் என்பதால் சலுகை அதில் தெரியாது. 120 ரூபாயை 1,500 கிராமால் நாமே வகுத்தால் 0.08 வரும். பக்கத்து அலமாரியில் வேறு கம்பெனி மாவு கிராம் 0.08-க்கும் கீழே என்றால், அந்த மூன்றாவது பாக்கெட்டுக்காக வரிசையை விட்டு ஓட வேண்டியதில்லை.