‘பை டு ஓப்பன்’, ‘செல் டு க்ளோஸ்’: எதைத் திறக்கிறோம், எதை மூடுறோம்?

அமெரிக்க மார்க்கெட்ல முதல் தடவை ஆப்ஷன் வாங்கப் போறவங்க முழிக்கிற இடம் இதுதான். நம்ம ஊர் ஆப்ல வெறும் பை, செல்தான் இருக்கும், அங்க ஆர்டர் போடும்போதே ‘ஓப்பன்’ஆ ‘க்ளோஸ்’ஆன்னு சேர்த்துச் சொல்லணும்.

‘ஆப்ஷன்’ லத்தீன் ‘ஆப்டியோ’ல இருந்து வந்த சொல், விருப்பப்படி தேர்ந்தெடுக்கிறதுன்னு அர்த்தம், அதனால தமிழ்ல விருப்ப உரிமைன்னா சரியா வரும். ஓப்பன், க்ளோஸ் ரெண்டும் கணக்குப் பேச்சு. உங்க பேர்ல புதுசா ஒரு கணக்கு தொடங்குனா ஓப்பன், இருக்கிற கணக்கைத் தீர்த்தா க்ளோஸ். ‘திறக்க வாங்கு’ன்னு மொழிபெயர்த்தா கதவு வாங்குற மாதிரி இருக்கு, நான் தொடக்கக் கொள்முதல், முடிப்பு விற்பனைன்னுதான் சொல்லுவேன்.

உதாரணமா 50 டாலர் ஸ்ட்ரைக் கால் ஒண்ணை, அதாவது ஷேரை 50 டாலர்னு குறிச்ச விலைக்கு வாங்குற உரிமையை, ஷேருக்கு 2 டாலர் பிரீமியம், அதாவது உரிமைக்கான விலை குடுத்து பை டு ஓப்பன் பண்றீங்க. ஒரு கான்ட்ராக்ட்னா 100 ஷேர், அதனால கையை விட்டுப் போறது 200 டாலர். பிரீமியம் 3 ஆனதும் செல் டு க்ளோஸ் பண்ணா 300 வரும், கமிஷனைக் கழிக்கிறதுக்கு முன்னாடி 100 லாபம், கணக்கு முடிஞ்சுது.

வம்பு எங்கன்னா ‘செல் டு ஓப்பன்’ல, அதாவது கையில இல்லாத ஆப்ஷனைப் புதுசா வித்துக் கணக்கு தொடங்குறதுல. இதை ‘ரைட்டிங்’னும் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல பத்திரம் எழுதிக் குடுக்கிற மாதிரியேதான், எழுதிக் குடுத்தவர் கட்டுப்பட்டவர், எழுதி வாங்குனவருக்கு உரிமை. (இங்கிலீஷை விட நமக்கு இது சட்டுன்னு புரியும்!)

இப்போ மேல சொன்ன 50 காலை விக்கணும்னு நினைச்சு, லிஸ்ட்ல கை தவறி 55 ஸ்ட்ரைக்கைத் தொட்டு செல் டு ஓப்பன் குடுத்துட்டீங்கன்னு வைங்க. உங்க அக்கவுண்ட்டுக்கு ஸ்ப்ரெட் அனுமதி, அதாவது ஒரு ஆப்ஷனை வாங்கி வச்சுக்கிட்டு இன்னொண்ணை விக்கிற அனுமதி இருந்தா ஆர்டர் போயிடும், பணமும் கொஞ்சம் உள்ள வரும், வித்தாச்சுன்னு நினைச்சுப்பீங்க. ஆனா பழைய 50 கால் அப்படியே இருக்கும், அதோட ஷேரை 55க்குக் குடுக்கிற கடமையும் புதுசா சேர்ந்திருக்கும். 50 கால் கையில இருக்கிற வரைக்கும் அது ஒரு பாதுகாப்பு. அது இல்லாம 55 கால் மட்டும் மாட்டிக்கிட்டு ஷேர் 60க்குப் போனா, 60க்கு வாங்கி 55க்குக் குடுக்கணும், 100 ஷேருக்கு 500 டாலர், வாங்குன பிரீமியத்தைக் கழிச்சா மிச்சம் நஷ்டம்.

அதே தப்பை ‘செல் டு க்ளோஸ்’னு குடுத்துப் பண்ணிருந்தா, உங்ககிட்ட 55 கால் இல்லவே இல்லையேன்னு ஆர்டர் ரிஜெக்ட் ஆயிருக்கும். ஆக அந்த ‘க்ளோஸ்’ங்கிற சொல் ஒரு பூட்டு மாதிரி.

தப்பு நடந்துச்சான்னு பார்க்க பொசிஷன்ஸ் பக்கம் போங்க, எண்ணிக்கைல -1 இருந்தா நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. அதைத் தீர்க்கிறதுக்குத்தான் நாலாவது சொல், ‘பை டு க்ளோஸ்’, முடிப்புக் கொள்முதல்: அதே ஸ்ட்ரைக், அதே எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் காலாவதியாகுற தேதி.