270 எங்கே போனது?

"கடன் வாடிக்கையாளருக்கு மாத ஸ்டேட்மென்ட் அனுப்பினேன். தன் கணக்கில் பாக்கி 270 குறைவாக இருக்கிறது என்கிறார். பில் எல்லாவற்றையும் மறுபடி புரட்ட வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். அந்த 270-ஐயே விசாரித்தால் போதும்.

அவர் அனுப்பிய ஸ்டேட்மென்டில் முந்தைய பாக்கி 42,000. அந்த மாத பில்கள் 18,500, 9,630. வந்த பணம் 30,000. திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் 1,200. கூட்டிக் கழித்தால் இறுதிப் பாக்கி 38,930. வாடிக்கையாளர் புத்தகத்தில் இருப்பது 38,660.

முதலில், வித்தியாசம் ஸ்டேட்மென்டில் உள்ள ஏதாவது ஒரு தொகைக்குச் சமமா என்று பார்க்க வேண்டும். சமம் என்றால் அந்த வரியை அவர் எழுதவே இல்லை. அவர் அனுப்பிய பணம் இன்னும் நமக்கு வந்து சேராமல் இருந்தாலும் கணக்கு இப்படித்தான் இடிக்கும். இங்கே 270 என்று எந்த வரியும் இல்லை. அடுத்தது, வித்தியாசத்தில் பாதி. கிரெடிட் நோட்டை அவர் தவறிப்போய் பில்லாக ஏற்றியிருந்தால், கழிய வேண்டிய 1,200 கூடிவிடும். வித்தியாசம் இரட்டிப்பாகி 2,400 ஆகும். 270-இல் பாதி 135. அப்படியும் ஒரு வரி இல்லை.

சரி, இப்போது 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 30 வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், ஒன்று பத்து மடங்காகிறது, மற்றது பத்தில் ஒரு பங்காகிறது. 63-ஐ 36 என்று எழுதினால் 6 ஒன்பது ஆறுகளை இழக்கிறது, 3 ஒன்பது மூன்றுகளைப் பெறுகிறது. ஆக, நிகர இழப்பு 9 × (6−3), அதாவது 27. எந்த இரண்டு இலக்கங்களுக்கும் இதே கதைதான். 9 ராசியான எண் என்பதால் அல்ல. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால். எட்டு எட்டாக எண்ணியிருந்தால் 7-ஐத் தேடியிருப்போம். எண் கணித ஜோதிடர்கள் மன்னிக்கவும்.

270 என்பது 90 × 3. அதாவது நூறும் பத்தும் இடம் மாறியிருக்கின்றன, அந்த இலக்கங்களுக்கிடையே 3 வித்தியாசம். ஸ்டேட்மென்டில் அப்படிப்பட்ட எண் ஒன்றே ஒன்று: 9,630. அதை 9,360 என்று ஏற்றியிருக்கிறாரா என்று கேட்கச் சொன்னேன். அதேதான்.

ஆனால் இது சாட்சியம்தான், தீர்ப்பல்ல. ஒன்பதில் ஒரு எண் தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். இரண்டு தவறுகள் கலந்தால் துப்பும் கலைந்துவிடும். இறுதிப் பாக்கியை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் தேடவே வழியில்லை. தேதி, பில் எண், தொகை என்று வரிவரியாக இருந்ததால்தான் 9,630 அகப்பட்டது. திருத்தம் வாடிக்கையாளர் புத்தகத்தில்தான். அடுத்த மாத ஸ்டேட்மென்ட் 38,930-இலிருந்தே தொடங்கும்.